கைகாட்டியைப் பார்த்து ஓட்டும் புரோகிராம்கள்

பைபாஸ் சாலையில் உயரமான கம்பம் ஒன்றில் கேமரா பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரணக் கேமராதான். கம்பத்தின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் லினக்ஸ் ஓடும் சிறிய கம்ப்யூட்டர். அதில் இரண்டு புரோகிராம்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஒன்று கேமராவிடமிருந்து படத்தை வாங்குகிறது. மற்றொன்று அந்தப் படத்தில் வண்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நம்பர் பிளேட்டைப் படிக்கிறது.

இரண்டையும் சேர்த்து ஒரே புரோகிராமாக எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுதலாம்தான். ஆனால் நம்பர் படிக்கிற வேலை நுணுக்கமானது. சேறு அப்பிய பிளேட், கோணலாக நிற்கும் லாரி, எதிர்வெயில் என்று ஏதாவது ஒன்றில் இடறி அந்தப் புரோகிராம் என்றாவது ஒருநாள் விழத்தான் செய்யும். எல்லாம் ஒன்றாக இருந்தால் கேமராவும் அதோடு சேர்ந்து நின்றுபோகும். தனித்தனியாக இருந்தால் விழுந்ததை மட்டும் எழுப்பிவிட்டால் போதும், படம் எடுப்பது நிற்காது.

இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்றால், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமையும் லினக்ஸ் தனி ‘புராசஸ்’ ஆக நடத்துவதிலிருந்து. ஒரு புராசஸின் நினைவகத்தை இன்னொரு புராசஸ் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே முகவரி எண்ணைச் சொன்னாலும், கெர்னல் அவற்றை ரேமில் வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பிவிடும். ஒன்று தறிகெட்டு எழுதினாலும் அடுத்ததன் சொத்துக்குச் சேதம் வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் நமக்கு இப்போது முதல் புராசஸ் வாங்கிய படம் இரண்டாவது புராசஸுக்குப் போய்ச் சேர வேண்டுமே?

வழக்கமான வழி, இரண்டுக்கும் நடுவில் பைப் போடுவது. ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் படிக்கலாம். சின்னச் சின்னச் செய்திகளுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. படத்துக்கோ கணக்கு உதைக்கிறது. அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படம் 62,20,800 பைட். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக ஒரு நேரத்தில் 65,536 பைட்தான் பிடிக்கும். ஒரு படத்தை அனுப்பி முடிக்க அதை ஏறக்குறைய 95 தடவை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். அதிலும் ஒவ்வொரு பைட்டையும் அனுப்புகிறவரிடமிருந்து கெர்னலுக்கு ஒருமுறை, கெர்னலிலிருந்து பெறுகிறவருக்கு ஒருமுறை என்று இரண்டு முறை நகலெடுக்க வேண்டும். விநாடிக்கு 30 படம் என்றால் 18 கோடியே 66 லட்சம் பைட், அதுவும் இரண்டு மடங்காக. கம்பத்தடிப் பெட்டியில் இருப்பது பெரிய சர்வர் அல்ல. படம் தூக்கிச் சுமப்பதிலேயே அதற்கு மூச்சு வாங்கும்.

இதற்குத்தான் ஷேர்டு மெமரி. சுவரை இடிப்பதில்லை, இரண்டு பக்கமும் திறக்கிற ஒரு பொது அறையைக் கெர்னலிடம் கேட்டு வாங்குகிறோம். மூன்று வரியில் வேலை முடிந்துவிடும்.

```c
int fd = shm_open("/vandi", O_CREAT | O_RDWR, 0600);
ftruncate(fd, sizeof(struct pool));
struct pool *p = mmap(NULL, sizeof(struct pool),
                      PROT_READ | PROT_WRITE, MAP_SHARED, fd, 0);
```

முதல் வரி `/vandi` என்ற பெயரில் ஒன்றை உண்டாக்குகிறது. இரண்டாவது வரி அதன் அளவைச் சொல்கிறது. மூன்றாவது வரி அதைத் தன் முகவரிகளுக்குள் பொருத்திக்கொள்கிறது. மற்றப் புராசஸும் அதே பெயரைச் சொல்லித் திறந்து பொருத்திக்கொள்ளும். நகலெடுத்து அனுப்புவது என்பதே இனி இல்லை. ரேமில் இருக்கும் அதே இடம் இருவருடைய முகவரிப் பட்டியலிலும் ஏறிவிடுகிறது. ஒருவர் எழுதியது அடுத்தவருக்கு அப்படியே தெரியும். கெர்னல் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. நான்கு படங்கள் கொள்ளும்படி இடம் கேட்டால் படங்களுக்கு மட்டும் மிகச் சரியாக 6075 பக்கம். வேறு சில்லறை விவரங்கள் வைக்க மேற்கொண்டு ஒரு பக்கம். கண்ணால் பார்க்க வேண்டுமானால் `ls -l /dev/shm` என்று அடித்தால் `vandi` என்ற பெயரோடு கோப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். உண்மையில் டிஸ்கில் எதுவும் இல்லை, எல்லாம் ரேம்தான்.

இங்கேயே ஒரு பொறி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இதையே டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால், வேறு ஏதும் சொல்லாதவரை `/dev/shm` அளவு வெறும் 64 எம்பி. நான்கு படத்துக்குத் தாராளம். பத்துக்கும் போதும். பதினொன்றாவது கொள்ளாது. ஆனால் `ftruncate` அப்போதும் ‘சரி’ என்றே சொல்லும். இடம் உண்மையில் ஒதுக்கப்படுவது முதன்முதலில் எழுதும்போதுதான். ஆகவே புரோகிராம் சிறிது நேரம் நன்றாக ஓடி, கடைசிப் படத்தின் நடுவில் `Bus error` என்று ஒற்றை வரி போட்டுச் சாகும். காரணம் தெரியாதவர்கள் கோடிங்கில் தவறு தேடித் தேடிக் களைத்துப்போவார்கள்.

சரி, பொது அறை கிடைத்துவிட்டது. இனிமேல்தான் உண்மையான சிக்கல். கேமரா புராசஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே நம்பர் புராசஸ் படித்தால் என்ன ஆகும்?

ஒரு படத்தை எழுதுவதற்கு எத்தனை வேகமான கம்ப்யூட்டராக இருந்தாலும் நேரம் பிடிக்கும். மேல் வரிசைப் புள்ளியில் தொடங்கிக் கீழே வரை எழுத வேண்டும். படிக்கிறவரும் மேலிருந்து கீழேதான் வருகிறார். அவர் பாதிப் படத்தில் இருக்கும்போது, எழுதுகிறவர் அதே இடத்தில் புதிய படத்தைப் போட ஆரம்பித்து அவரை முந்திவிட்டால், படித்தவர் கையில் மேல்பாதி பழைய படம், கீழ்ப்பாதி புதிய படம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, இரண்டு அடுத்தடுத்த படங்களுக்கு நடுவில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும். வண்டி இடுப்பில் ஒடிந்தது போலத் தெரியும். படிக்கிறவர் ஒரு விநாடி தாமதித்துவிட்டாலோ அதைவிட மோசம்: மேலே ஒரு வண்டி, கீழே வேறொரு வண்டி. இரண்டு வரியாக எழுதிய நம்பர் பிளேட்டில் மேல்வரி ஒருவருடையது, கீழ்வரி இன்னொருவருடையது. சாலையில் இல்லவே இல்லாத ஒரு வண்டிக்கு அபராதம் போகும். எந்த எரர் செய்தியும் வராது. புரோகிராமைப் பொறுத்தவரை அது படித்தது பைட்டுகளை, பைட்டுகள் இருந்தன.

புதிதாக எழுதுகிறவர்கள் உடனே சொல்கிற மருந்து ஒன்று உண்டு. பொது அறையில் `ready` என்று ஒரு எண் வைப்போம். படம் போட்டு முடித்ததும் அதை 1 ஆக்குவோம். படிக்கிறவர் அது 1 ஆகும்வரை சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும். இதில் இரண்டு குறை. சுற்றிச் சுற்றிப் பார்ப்பதற்கே பிராசசரின் ஒரு கோர் முழுவதும் போய்விடும். வண்டியே வராத நள்ளிரவிலும் பெட்டி சூடாக இருக்கும். இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. போன்களிலும் இந்த மாதிரிச் சிறு பெட்டிகளிலும் இருக்கும் ஏஆர்எம் பிராசசர், நாம் எழுதிய வரிசையிலேயே அடுத்தவருக்குக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படத்தின் கடைசிப் பகுதி போய்ச் சேரும் முன்பே `ready` 1 ஆனது அடுத்த கோரில் தெரிந்துவிடலாம். எழுதியவரின் மேசையில் இருக்கும் இன்டெல் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் ஓடிய புரோகிராம், கம்பத்தடியில் போய்த் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலுக்கு 1960களின் தொடக்கத்திலேயே விடை கண்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்8 என்ற கம்ப்யூட்டருக்காக அவரும் சிறு குழுவும் ஓர் இயக்க அமைப்பைக் கட்டினார்கள். அதைப் பற்றிய அவரது கட்டுரை 1968ல் வெளிவந்தது. அதற்குள் ஓடிய பணிகள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க அவர் வைத்த பொருள்தான் செமஃபோர். ரயில்வே கைகாட்டி மரத்தின் பெயர்.

கைகாட்டி ரயிலைப் பிடித்து நிறுத்துவதில்லை என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தின் குறுக்கே அது எதையும் போடுவதில்லை. டிரைவர் பார்த்து நின்றால்தான் ரயில் நிற்கும். செமஃபோரும் அப்படித்தான். நமது `/vandi` நினைவகத்துக்கும் அதைக் காக்கும் செமஃபோருக்கும் கெர்னல் கணக்கில் எந்த உறவும் கிடையாது. செமஃபோரைப் பார்க்காமலே ஒரு புராசஸ் நேரே போய் எழுதினால், எழுதலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பாதுகாப்பு முழுவதும் இரண்டு புரோகிராம்களும் ஒப்புக்கொண்ட ஒழுங்கில்தான் இருக்கிறது. பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் வேர் இதுவே.

செமஃபோர் என்பது ஓர் எண், அதன்மேல் இரண்டு செயல், அவ்வளவுதான். `sem_wait` என்றால்: எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறைத்துவிட்டு மேலே போ, பூஜ்யமாக இருந்தால் தூங்கு. `sem_post` என்றால்: ஒன்றைக் கூட்டு, யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் ஒருவரை எழுப்பு. எண்ணைப் பார்ப்பதும் குறைப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயல், நடுவில் யாரும் நுழைய முடியாது. அதோடு, `sem_post`க்கு முன்னால் எழுதியதெல்லாம், அதனால் `sem_wait`ஐத் தாண்டி வருகிறவருக்குக் கட்டாயம் தெரியும். ஏஆர்எம் தொல்லைக்கு மருந்து இந்த வாக்குறுதியில் இருக்கிறது. லினக்ஸில் எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை கெர்னலைக் கூப்பிடவே வேண்டியதில்லை. தூங்கவும் எழுப்பவும் மட்டும் `futex` என்ற வாசல் வழியாகக் கெர்னலிடம் போகும். அதனால் செலவும் மிகக் குறைவு.

நமது பொது அறைக்குள் நான்கு சிறு அறைகள், 0 முதல் 3 வரை. செமஃபோர் இரண்டு. `empty` காலி அறைகளின் எண்ணிக்கை, தொடக்கத்தில் 4. `full` படிக்கத் தயாராக இருக்கும் படங்களின் எண்ணிக்கை, தொடக்கத்தில் 0. கேமரா புராசஸ் செய்வது இது:

```c
sem_wait(&p->empty);
memcpy(p->frame[w], img, SIZE);
w = (w + 1) % 4;
sem_post(&p->full);
```

நம்பர் புராசஸ் செய்வது இது:

```c
sem_wait(&p->full);
read_plate(p->frame[r]);
r = (r + 1) % 4;
sem_post(&p->empty);
```

ஒருவர் காத்திருப்பது எதற்காகவோ, அதை அடுத்தவர் கூட்டுகிறார். `empty`யைக் குறைப்பவர் கேமராக்காரர், கூட்டுபவர் நம்பர்காரர். `full` அப்படியே தலைகீழ். எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் ஒருவர் என்று இருக்கும்வரை வேறு பூட்டு எதுவும் தேவையில்லை. `w` எழுதுகிறவருடைய சொந்தக் கணக்கு, `r` படிக்கிறவருடைய சொந்தக் கணக்கு. ஒரு நேரத்தில் இருவரும் ஒரே அறையில் இருக்கவே முடியாதபடி அந்த இரண்டு எண்களும் பார்த்துக்கொள்கின்றன.

ஓட்டிப் பார்ப்போம். முதல் படம் வருகிறது. `empty` 4லிருந்து 3. அறை 0ல் எழுதுகிறார். `full` 0லிருந்து 1. தூங்கிக்கொண்டிருந்த நம்பர் புராசஸ் எழுந்து, `full`ஐ மீண்டும் 0 ஆக்கிவிட்டு அறை 0க்குள் போகிறது. அது படிக்கும் நேரத்தில் அடுத்த படம் அறை 1ல் விழுகிறது. மோதல் இல்லை. இனி நெரிசல் நேரம் என்று வையுங்கள். படங்கள் 33 மில்லி விநாடிக்கு ஒன்று வருகின்றன. வண்டிகள் நெருக்கி வருவதால் படிக்க 50 மில்லி விநாடி ஆகிறது. 100 மில்லி விநாடியில் மூன்று உள்ளே, இரண்டு வெளியே. தேக்கம் ஒவ்வொன்றாக ஏறி, அரை விநாடிக்குள் `empty` பூஜ்யமாகிவிடும். கேமரா புராசஸ் `sem_wait`ல் தூங்கப் போகும்.

படம் கிழியவில்லை, செமஃபோர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் சாலை தூங்காதே! புராசஸ் தூங்கும் நேரத்தில் வரும் படங்கள் கேமரா டிரைவரிடம் நிறைந்து, எது போயிற்று என்றே தெரியாமல் காணாமல் போகும். இந்த மாதிரி இடங்களில் நான் கேமரா பக்கத்தில் `sem_wait`ஐ எடுத்துவிட்டு `sem_trywait` போடுவேன். அறை காலி இல்லையென்றால் அது தூங்காது; -1 என்று உடனே திரும்பி வரும், `errno`வில் `EAGAIN` இருக்கும். அந்தப் படத்தை நாமே விட்டுவிட்டு, விட்ட படங்களின் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இழப்பு அதேதான், ஆனால் கணக்கில் வருகிறது. வங்கிப் பரிமாற்றமாக இருந்தால் இப்படி விட முடியாது, அங்கே தூங்குவதுதான் சரி. எங்கே தூங்கலாம், எங்கே விடலாம் என்பதைச் செமஃபோர் சொல்லித் தராது.

இந்த ஏற்பாட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, தொடக்கத்தில் எழுதும் ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது.

```c
sem_init(&p->empty, 1, 4);
sem_init(&p->full, 1, 0);
```

நடுவில் இருக்கும் 1, ‘இந்தச் செமஃபோர் பல புராசஸ்களுக்குப் பொது’ என்று சொல்கிறது. அங்கே 0 போட்டால் ஒரே புராசஸுக்குள் மட்டும் என்று பொருள். பல புத்தக உதாரணங்களில் 0 இருக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால் 0 போட்டாலும் பெரும்பாலும் ஓடும். எண் பொது நினைவகத்தில்தானே இருக்கிறது? கூட்டுவதும் குறைப்பதும் இருவருக்கும் தெரியும். எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. ஒருவர் தூங்கிவிட்டால்தான் வினை. எழுப்பும் அழைப்பு அந்தந்தப் புராசஸுக்குள்ளேயே ஆளைத் தேடிவிட்டுத் திரும்பிவிடும். அடுத்த புராசஸில் தூங்குகிறவருக்குக் கேட்காது. எனவே நெரிசல் நேரத்தில், தேக்கம் இருக்கும்போது, புரோகிராம் ஜோராக ஓடும். சாலை வெறிச்சோடிப் படிப்பவர் முந்திக்கொண்டு தூங்கப் போனதும் உறைந்து நிற்கும். சுமை குறைந்தால் நின்றுபோகும் புரோகிராமைப் பார்த்தால் முதலில் இந்த வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். `strace -p` போட்டு நின்றுபோன புராசஸைப் பார்த்தால் `futex` என்ற ஒற்றை வரியில் காத்துக்கொண்டிருக்கும். அந்த வரியில் `PRIVATE` என்ற சொல் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

அடுத்தது இதைவிடப் பெரியது. நம்பர் புராசஸ் என்றாவது விழும் என்று தெரிந்துதானே இரண்டாகப் பிரித்தோம்? அது விழும் நேரத்தைப் பாருங்கள். சும்மா தூங்கும்போது விழாது. பிளேட்டைப் படிக்கும்போதுதான் விழும். அதாவது `sem_wait(&p->full)` முடிந்துவிட்டது, `sem_post(&p->empty)` இன்னும் வரவில்லை. ஓர் அறையை அது எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. புராசஸ் போனதும் அதன் சொந்த நினைவகத்தையும் திறந்திருந்த கோப்புகளையும் கெர்னல் பொறுப்பாக வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஓர் அறையைப் பற்றி அதற்குத் தெரியாது. காவல் புரோகிராம் நம்பர் புராசஸை உடனே மறுபடி கிளப்பும். எல்லாம் ஓடும். ஆனால் இனி சுழற்சியில் இருப்பது நான்கு அல்ல, மூன்று. அடுத்த முறை விழுந்தால் இரண்டு. நான்காவது முறை விழுந்ததும் `empty` 0, `full` 0. கேமரா புராசஸுக்குக் காலி அறை இல்லை, வந்த படத்தையெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும். நம்பர் புராசஸுக்குப் படம் இல்லை, நிம்மதியாகத் தூங்கும். `ps` பட்டியலில் இரண்டும் உயிரோடு இருக்கும், எரர் லாக் சுத்தமாக இருக்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை விழுகிற புரோகிராம் என்றால் மூன்று வாரத்துக்குள் ஒருநாள் காரணமே இல்லாமல் நின்றதுபோலத் தோன்றும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டு. `sem_getvalue` இரண்டு எண்களையும் சொல்லும். இரண்டையும் கூட்டினால், யார் கையிலும் அறை இல்லாதபோது 4 வர வேண்டும். இருவரும் ஆளுக்கு ஓர் அறையில் வேலை செய்யும் கணத்தில் பார்த்தால் 2. சில தடவை அடுத்தடுத்துப் பார்த்தும் கூட்டுத்தொகை 4ஐ எட்டவே இல்லையென்றால் அறை கசிகிறது என்று பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டுத்தொகையை லாகில் எழுதும் சின்னப் புரோகிராம் பெரிய உபகாரம் செய்யும்.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. `r` நம்பர் புராசஸின் சொந்த நினைவகத்தில் இருந்தது. அறை 2ல் படிக்கும்போது செத்தது. புதிதாக வந்தது `r`ஐ 0லிருந்து தொடங்கும். கேமராவோ அடுத்த படத்தை அறை 3ல் வைக்கிறது. புதியவர் அறை 0ல் கிடக்கும் பழைய படத்தை எடுத்து, முன்பே போய்விட்ட வண்டியை இப்போது போவதாகப் பதிவார். அதோடு இருவரும் ஒரே அறையில் மோதிக்கொள்ளவும் வாய்ப்பு வந்துவிடும். ஆகவே `r`, `w` இரண்டையும் பொது நினைவகத்திலேயே வைப்பதுதான் முறை. கூடவே ‘நான் இப்போது ஓர் அறையில் இருக்கிறேன்’ என்று குறிக்க ஓர் எண்ணும் வைத்தால், புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து விட்ட வேலையை முடித்து அறையைத் திருப்பித் தரலாம். சிலர் இதற்குப் பதில் மறுபடி கிளம்பும்போதெல்லாம் `sem_init` போட்டு எண்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கேமராக்காரர் ஓர் அறைக்குள் எழுதிக்கொண்டிருக்கலாம். ஓடுகிற ஆட்டத்தின் நடுவில் காய்களை அடுக்குவது அது.

செத்தவர் எடுத்ததைக் கெர்னலே திருப்பி வைத்தால் என்ன? பழைய சிஸ்டம் ஃபைவ் வகைச் செமஃபோர்களில் `SEM_UNDO` என்று ஒரு வசதி உண்டு. புராசஸ் செமஃபோரில் செய்த கூட்டல் கழித்தல்களைக் கெர்னல் குறித்துவைத்துக்கொண்டு, அது போகும்போது எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிவிடும். எடுத்தவரே திருப்பி வைக்கிற இடத்தில் அருமையான வசதி. நமக்கு ஆகாது. நம்பர் புராசஸ் ஆயிரம் படம் படித்திருந்தால், `full`ல் ஆயிரம் கழித்திருக்கிறது, `empty`யில் ஆயிரம் கூட்டியிருக்கிறது. அத்தனையையும் கெர்னல் திருப்பினால் `full` ஆயிரத்துக்கு மேல் போய் நிற்கும். இருப்பதோ நான்கு அறை. ஒருவர் எடுத்ததை இன்னொருவர் வைக்கும் ஏற்பாட்டில் ‘இது யார் கையில் இருக்கிறது’ என்ற கேள்விக்குக் கெர்னலால் பதில் சொல்லவே முடியாது. செமஃபோருக்குச் சொந்தக்காரர் கிடையாது. சொந்தக்காரர் உள்ள பூட்டு வேண்டுமென்றால் மியூடெக்ஸ் என்று தனியே இருக்கிறது. அதில் ‘ரோபஸ்ட்’ என்ற வகையை எடுத்தால், பூட்டியவர் செத்தபின் அடுத்து வருகிறவருக்குப் பூட்டைக் கொடுக்கும்போதே `EOWNERDEAD` என்று எச்சரிக்கும். செத்தவர் உள்ளே எதை அரைகுறையாக விட்டுப்போனார் என்பதை வந்தவர்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அந்தக் கடைசி வேலையை நம்ப முடியாது என்று வெளிப்படையாக முடிவெடுத்த ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது: போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் புராசஸ். எல்லோரும் டிஸ்கிலிருந்து எடுத்த பக்கங்களை ஒரே ஷேர்டு மெமரியில் வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். காத்திருப்பவர்கள் லினக்ஸில் செமஃபோரின் மேல்தான் தூங்குகிறார்கள். அமைப்புக் கோப்பில் `shared_buffers` என்று இருப்பது இந்தப் பொது இடத்தின் பெரும்பகுதி, வழக்கமாக 128 எம்பி. ஏதோ ஒரு வினவல் நீண்டுகொண்டே போகிறதென்று நிர்வாகி பொறுமையிழந்து அந்த ஒரு புராசஸை மட்டும் `kill -9` செய்தால், அது மட்டும் போவதில்லை. அந்த நேரத்தில் அந்தச் சர்வரில் இணைந்திருந்த அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். அவர்கள் திரையில் வருவது இது:

```
WARNING:  terminating connection because of crash of another server process
```

தொடர்ந்து வரும் விளக்கத்தில், ஒரு புராசஸ் முறைதவறி நின்றுபோனதால் அது ஷேர்டு மெமரியைக் கெடுத்திருக்கலாம் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கும். கெடுத்தது என்று அல்ல, கெடுத்திருக்கலாம் என்று. செத்தவர் எந்த அறையில், எந்த வரியில் இருந்தார் என்று ஆராய்வதில்லை. மிச்சமுள்ள புராசஸ்களை எல்லாம் நிறுத்தி, பொது நினைவகத்தை முழுவதுமாகக் கலைத்துப் புதிதாக உண்டாக்கி, டிஸ்கில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து கணக்கைக் கட்டி எழுப்புகிறது. ஒருவரை நிறுத்தப் போய் நூறு பேரை நிறுத்திய நிர்வாகிக்கு இது அதிகப்படியாகத் தோன்றும். அரைகுறையாக எழுதிய ஒரு பக்கம் நல்ல பக்கம் போல டிஸ்குக்குப் போவதைவிட இது மேல் என்பது அதை எழுதியவர்களின் தீர்மானம், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நீண்ட வினவலை நிறுத்த `pg_cancel_backend` இருக்கிறது, இணைப்பையே அறுக்க `pg_terminate_backend` இருக்கிறது. இரண்டும் அந்தப் புராசஸிடம் சொல்லிவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைக்க அதற்கு நேரம் தருகின்றன.

நம் கம்பத்தடிப் பெட்டியில் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்குவது இன்னும் மலிவு. நான்கு படங்கள் போகும், ஏறக்குறைய 130 மில்லி விநாடிச் சாலை. நம்பர் புராசஸ் விழுந்தால் காவல் புரோகிராம் கேமரா புராசஸையும் நிறுத்தி, `shm_unlink` கொண்டு `/vandi`யை அழித்து, இரண்டையும் புதிதாகக் கிளப்பிவிடலாம். கேமரா மீண்டும் படம் தர ஓரிரு விநாடி எடுக்கும் என்பது மட்டும் இதில் இடிக்கும். அந்த ஓரிரு விநாடியையும் விட முடியாத சாலையென்றால், `r`, `w`, ‘உள்ளே இருக்கிறேன்’ குறி எல்லாவற்றையும் பொது நினைவகத்தில் வைத்துச் செப்பனிடும் வழியில் இறங்க வேண்டியதுதான்.